ஏ.சி. அறையில் மட்டும் ஏன் இத்தனை பேருக்குக் காய்ச்சல்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 180 பேர். தையல் ஹாலில் 140 பேர். மெர்ச்சன்டைசிங், பேட்டர்ன், சாம்பிள் பிரிவுகளைச் சேர்ந்த 22 பேர் 30 அடிக்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள ஒரே ஏ.சி. அறையில் வேலை செய்கிறார்கள். பத்து நாட்களாக இன்புளூயன்சா காய்ச்சல் பரவுகிறது. ஏ.சி. அறையில் 9 பேர் படுத்துவிட்டார்கள். ஹாலில் 11 பேர்தான். முதலாளி தினமும் கிருமிநாசினிப் புகை அடிக்க ஆள் வைத்திருக்கிறார். பனியன் துணியில் நாங்களே மாஸ்க் தைத்துக் கொடுத்திருக்கிறோம். காய்ச்சல் வந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னால் பீஸ் ரேட் போய்விடும், அட்டென்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று போக மறுக்கிறார்கள். நாங்கள் செய்வது சரிதானா? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஏ.சி. அறையில் ஐந்தில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். ஹாலில் நூற்றுக்கு எட்டுப் பேர். இரண்டு இடத்திலும் ஒரே புகைதான் அடிக்கிறீர்கள், ஒரே மாஸ்க்தான் கொடுத்திருக்கிறீர்கள். வேறுபடுவது காற்று ஒன்றுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். புகையையும் மாஸ்க்கையும் பின்னால் பார்ப்போம்.

உங்கள் அறையின் கன அளவு 6,000 கனஅடி. அதை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 270 கனஅடி சொச்சம் வருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வேலைக்கூடத்தில் நெரிசல் கூடாது என்பதற்கு ஆளுக்கு 14.2 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 500 கனஅடி என்று ஓர் அளவு வைத்தது. அலுவலக அறைக்கு அது பொருந்துமா என்ற சட்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை; அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் பாதியை விடச் சற்றே கூடுதலான இடத்தில் உங்கள் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தையல் ஹால் திருப்பூரில் வழக்கமாகக் கட்டப்படும் 100 அடிக்கு 60 அடி, 14 அடி உயர ஷெட் என்றால் அங்கே ஆளுக்கு 600 கனஅடி கிடைக்கும். அதோடு ஷட்டர் திறந்திருக்கும், ஜன்னல்கள் திறந்திருக்கும். குளிர்ந்த அறையில் இருப்பவர்களுக்குத்தான் நோய் குறைவாக வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

இதற்குக் காரணம் ஸ்பிலிட் ஏ.சி. வேலை செய்யும் விதம். அது வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள் விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடும் செம்புக் குழாயில் போவது குளிர்பதன வாயு, காற்று அல்ல. ஏ.சி. ஓடுவதால் காற்று மாறிக்கொண்டிருக்கிறது என்று பல முதலாளிகள் இன்னும் நம்புகிறார்கள். 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஓர் உணவகத்தில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மதிய உணவு சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா வந்தது. அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏ.சி.யின் காற்று போய்த் திரும்பும் பாதையில் இருந்தன. பின்னர் ஆய்வாளர்கள் அங்கே வெளிக்காற்று எவ்வளவு வந்தது என்று அளந்தபோது, ஆளுக்கு வினாடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய இடங்களுக்குச் சொல்லும் அளவு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர்.

காற்று பழசாகிவிட்டதா என்பதை மூக்கு சொல்லாது; உள்ளேயே இருப்பவருக்கு வாசம் பழகிவிடும். அதற்குக் கரியமில வாயு மீட்டர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்.டி.ஐ.ஆர். வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து கரியமில வாயுவை உத்தேசமாகக் காட்டுகின்றன, அவை சாம்பிராணிக்கும் சென்ட்டுக்கும் கூட ஏறிவிடும். வாங்கியதும் முதலில் மொட்டைமாடியில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். 420 பிபிஎம்மை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கை, ஒட்டிக் காட்டினால் கருவி சரி.

உங்கள் ஊரிலேயே, ஏறத்தாழ உங்கள் அறை அளவே உள்ள ஓர் அறையை நான் ஒரு முறை அளந்தேன். ஆட்களும் அதே 22 பேர். இரண்டு ஸ்பிலிட் ஏ.சி., கண்ணாடிக் கதவு, திரை போட்டு மூடிய ஜன்னல்கள். காலை 9 மணிக்கு ஆட்கள் உள்ளே போனபோது மீட்டர் 450 காட்டியது. 10 மணிக்கு 1,900. பன்னிரண்டரைக்கு 2,600 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் அறை காலியாகக் கிடந்தும் 1,300-க்குக் கீழே இறங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பழைய உயரத்துக்கே ஏறத் தொடங்கிவிட்டது.

இந்த 2,600 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்த முதலாளி கேட்டார். நாம் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 38,000 பிபிஎம் இருக்கும். வெளிக்காற்றில் இருக்கும் 420-ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், அந்த அறையில் ஒருவர் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு, சற்று முன் அறைக்குள் யாரோ வெளியே விட்ட மூச்சு. இதைச் சொன்னதும் அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். ஜன்னலை ஒட்டிச் சாம்பிள் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

அந்த அறையில் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஐந்து முறையாவது மாற வேண்டும் என்பது இலக்கு. 6,000 கனஅடி அறைக்கு அது மணிக்கு 30,000 கனஅடி, அதாவது நிமிடத்துக்கு 500 கனஅடி. ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் என்று பார்த்தாலும் ஏறத்தாழ அதே எண்தான் வருகிறது. 12 அங்குல எக்ஸாஸ்ட் பேன் பெட்டியில் மணிக்கு 1,000 கனமீட்டர் என்று போட்டிருந்தால் அது நிமிடத்துக்கு 590 கனஅடி. ஒரே பேன் போதுமே என்று தோன்றும். போதாது. பெட்டியில் போட்டிருப்பது எதிர்ப்பு எதுவும் இல்லாத திறந்த இடத்தில் அளந்தது. வலை, ஷட்டர், சுவர் ஆழம், மூடிய அறையின் இழுவை எல்லாம் சேர்ந்து பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு இரண்டு பேன் போடுங்கள். அந்த அறையில் அப்படிப் போட்ட பிறகு மதிய அளவு 900-த்தைச் சுற்றி நின்றது. அதாவது பிறர் விட்ட மூச்சு 80-இல் ஒரு பங்காகக் குறைந்தது. தொற்றுக் காலத்தில் 800-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஐந்தாறு பேரை வேறு அறைக்கு மாற்றினாலே போதும்.

பேன் மாட்டுவதில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, காற்று வெளியே போக வழி வைத்துவிட்டு உள்ளே வர வழி வைக்காமல் விடுவது. கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் பேன் வெறுமனே சுற்றும். பேனுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஜன்னலை ஒரு சாண் அகலத்துக்காவது திறந்து வைக்க வேண்டும். பேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை அது தொடவே தொடாது. உள்ளே வரும் வழி ஜெனரேட்டர் புகைபோக்கியையோ பாய்லரையோ கழிவறையையோ பார்த்து இருக்கக்கூடாது என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது நம் பகுதிக்கே உரியது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் அளவுக்கு வேகமானது. மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் பேன் மாட்டினால் அந்தக் காற்று பேனை எதிர்த்துத் தள்ளும். பேன் ஓடிக்கொண்டிருக்கும், காற்று வெளியே போகாது. கிழக்குச் சுவரில் பேனும் மேற்கு ஜன்னல் திறப்பும் இருந்தால் அந்த மாதங்களில் இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிடும். நம் மாநிலத்தில் மழைக்கால இன்புளூயன்சா கூடும் காலமும் அதுதான். ஆகவே பருவம் மாறும்போது ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஒரு சாண் நூலை அல்லது கட்டிங் வேஸ்ட்டில் மெல்லிய ஒரு கீற்றைப் பேனின் உள்பக்க வலையருகே பிடியுங்கள். வலையோடு ஒட்டி இழுபட்டால் காற்று போகிறது. தொங்கினாலோ உங்கள் பக்கம் பறந்தாலோ போகவில்லை. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கலாம் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். பஞ்சு பறக்கும் கம்பெனிக்குள் அது வேண்டாம். அந்தப் பஞ்சுதான் பேன் இறக்கைகளிலும் வலையிலும் கம்பளி போலப் படிந்து காற்றைத் தடுக்கும். சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு துடைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலைத் திறந்தால் ஏ.சி. வீணாகிறதே என்பார்கள். கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். ஏ.சி.யை 26-இல் வைத்து, ஒரு சீலிங் பேனையும் ஓட்டினால் பெரும்பாலான நாட்கள் தாங்கும். கார்த்திகை, மார்கழியில் திருப்பூரின் காலை நேரத்துக்கு ஏ.சி.யே தேவையில்லை. ஆனால் டேபிள் பேனை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போகும்படி வைக்காதீர்கள்; பேன் காற்றை நகர்த்துமே தவிர புதுக் காற்றைக் கொண்டுவராது.

காற்றோட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. எதிரெதிரே இரண்டு அடி இடைவெளியில் உட்கார்ந்து பேசும் இருவருக்கு நடுவில் நடப்பதை எந்தப் பேனும் தடுக்காது. இருமலில் தெறிக்கும் திவலை நேராகப் போய்ச் சேரும். இன்புளூயன்சாவில் இந்த அண்மைத் தொற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு மேசைகளை முதுகுக்கு முதுகாகத் திருப்புவதும், கீழே சொல்லப்போகும் மாஸ்க்கும்தான் வழி. மீட்டரும் கிருமியை அளப்பதில்லை, மூச்சைத்தான் அளக்கிறது. பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் நாளில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேனை அணைத்துவிடாதீர்கள்.

இனி விடுப்புக்கு வருகிறேன். எதிர்ப்பு அதிகம் வரும் இடம் இதுதான். முன்பு ஒரு பவர்டேபிள் யூனிட்டில் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, ஓவர்லாக் மிஷினில் இருந்த ஒரு அம்மா முகம் சிவந்து வேர்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு பாராசிட்டமால் அட்டை, பத்தில் ஆறு காலி. "காச்சல் விட்டுப்போச்சுங்க டாக்டர். மாத்திரை போட்டா ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க. இன்னிக்கு ஒன்றரை ஷிப்டுங்க, போனா வாரக் கணக்கு அடிபட்டுப் போகுமுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காய்ச்சல் விட்டது மாத்திரையால், கிருமி விடவில்லை. வாசலில் தெர்மாமீட்டர் துப்பாக்கியை நெற்றியில் காட்டி அவரைப் பிடிக்கவே முடியாது. நோயை மறைத்துக்கொண்டு வரச் சொல்வது அவருடைய சம்பள முறைதான். அதை விட்டுவிட்டு அவரிடம் பொறுப்புணர்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்புளூயன்சா தொற்றிய ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் தொடங்கும். தொடங்குவதற்கு முதல் நாளே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். மிகுதியாகத் தொற்றுவது நோயின் முதல் மூன்று, நான்கு நாட்களில். இப்போது இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவியைப் பாருங்கள். சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு நாட்களுக்கு எதுவும் கிடையாது. அவை காத்திருப்பு நாட்கள். பிறருக்கு மிகுதியாகத் தொற்றும் அதே இரண்டு நாட்களுக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. உங்கள் தொழிலாளி வேலைக்கு வருவது அந்த இரண்டு நாட்களில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். நாள் கூலி 500 ரூபாய் உள்ள ஒருவர் ஐந்து நாள் படுக்கிறார். இ.எஸ்.ஐ. மூன்று நாட்களுக்கு 350 வீதம் 1,050 ரூபாய் தருகிறது. இழப்பு 1,450, அதற்கு மேல் அட்டென்டன்ஸ் போனஸ். கம்பெனி அந்த முதல் இரண்டு நாள் கூலியான 1,000 ரூபாயைக் கொடுத்து, போனஸைப் பிடிக்காமல் விட்டால், அவருடைய உண்மையான இழப்பு மூன்று நாள் கூலியில் 30 சதவீதம், அதாவது 450 ரூபாய். இதற்காக யாரும் மாத்திரை போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார மாட்டார்கள். இன்னும் 30 பேர் விழுந்தாலும் கம்பெனிக்கு ஆகும் கூலிச் செலவு 30,000 ரூபாய். ஒரு லைன் நின்று, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் முதலாளிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பீஸ் ரேட்காரர்களுக்கு எந்தக் கூலியைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வி வரும். கடந்த நான்கு வாரத்தில் அவர் சம்பாதித்ததை வேலை செய்த நாட்களால் வகுத்துக்கொள்ளுங்கள். அதையே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த இரண்டு நாளுக்கு டாக்டர் சீட்டு கேட்காதீர்கள். சீட்டுக்காகக் காய்ச்சல்காரரை வரிசையில் நிறுத்துவது இன்னொரு தொற்று. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து இ.எஸ்.ஐ. பணம் வேண்டும் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை என்பதையும், நாள் எண்ணிக்கை அந்தச் சான்றை ஒட்டியே தொடங்குகிறது என்பதையும் சொல்லி, முடிந்தவர்களை முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கம்பெனி கூலி தரும் நாளுக்கும் இ.எஸ்.ஐ. உதவிக்கும் மோதல் வராதபடி, முழுக் கூலியை அந்த இரண்டு காத்திருப்பு நாளுக்கு மட்டும் கொடுங்கள். ஒரே நாளுக்குக் கூலியும் உதவியும் இரண்டும் வாங்க முடியாது. காண்ட்ராக்டர் மூலம் வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று இந்த வாரமே பட்டியலை வாங்கிப் பாருங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

எப்போது திரும்பி வரலாம் என்பதற்கு ஒரே விதி போதும். பாராசிட்டமால் போடாமல் முழு 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், இருமலும் தொண்டை வலியும் குறைந்து வர வேண்டும். வந்த பிறகு ஐந்து நாட்களுக்கு நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். "மாத்திரை எப்போது கடைசியாகப் போட்டீர்கள்?" என்ற கேள்வி, நெற்றியில் காட்டும் கருவியை விட உங்களுக்கு அதிகம் சொல்லும். கருத்தரித்த பெண்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை தேவைப்பட்டால் அதற்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, குறைந்த காய்ச்சல் திரும்பவும் ஏறுதல் ஆகியவை இருந்தால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

மாஸ்க்கைப் பற்றித் திருப்பூர்காரரிடம் பேசுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. துணியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. ஆனால் பனியன் துணி பின்னல் துணி. இழுத்தால் வளையங்கள் விரியும். காதில் மாட்டி இழுக்கும்போதே துணியின் துளைகள் திறந்துவிடும். சிங்கிள் ஜெர்சியை விளக்கொளியில் முகத்தில் இழுத்த அளவுக்கு இழுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அது பெரிய திவலைகளைத் தடுக்கும், நுண்திவலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் என்95-இலும் நடுவில் மெல்ட்புளோன் என்ற நெய்யாத துணி இருக்கிறது. அதன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். ஆகவே துவைத்துப் போடக் கூடாது. வேர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும்.

180 பேருக்கும் என்95 வாங்க வேண்டியதில்லை. ஏ.சி. அறையில் இருப்பவர்களுக்கும், நோயிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கும், ஹாஸ்டலில் நோயாளிக்குச் சாப்பாடு கொண்டு போகிறவருக்கும், கம்பெனி வேன் டிரைவருக்கும் கொடுங்கள். ஐ.எஸ். 9473 முத்திரையும் எப்.எப்.பி.2 என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு வைத்தது வேண்டாம். அது போட்டவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். போட்டதும் மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, மாஸ்க்கின் மேல் இரண்டு கைகளையும் குவித்து வைத்துப் பலமாக ஊதச் சொல்லுங்கள். கண்ணோரத்தில் காற்று பட்டாலோ கண்ணாடி போட்டவருக்குப் பனி படிந்தாலோ சரியாக உட்காரவில்லை. ஹாலில் இருக்கும் மற்றவர்களுக்கு இப்போதைக்கு மூன்றடுக்கு மாஸ்க் போதும். தையல் ஹால் வெக்கையில் ஒன்றரை ஷிப்டு முழுவதும் மூக்கை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேனிலும் டீ வரிசையிலும் பேசும்போதும் போட்டால் போதும் என்று சொன்னால் அதையாவது கடைப்பிடிப்பார்கள்.

புகையடிப்பதை நிறுத்திவிடுங்கள். இன்புளூயன்சா ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது மூச்சாலும் கையாலும். இரவில் ஆளில்லாத ஹாலில் அடித்த புகை காலை 9 மணிக்கு வந்து இருமுகிறவரை ஒன்றும் செய்யாது. ஆட்கள் இருக்கும்போது அடித்தால் ஆஸ்துமாகாரர்களுக்கு இழுப்பு வரும். ஹைப்போகுளோரைட் கலவை என்றால் ஊசிகளும் மிஷின் பாகங்களும் துருப்பிடிக்கும். சாயமிட்ட துணியில் பட்ட இடம் வெளுத்துவிடும். அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலியில் முதல் மாதமே பேன் வந்துவிடும். அவரையே வைத்து விரல்ரேகை வருகைக் கருவி, கதவுக் கைப்பிடி, ட்ரிம்மர் கத்தரி ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கச் சொல்லலாம். கையைச் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவினாலே போதுமானது; ஆனால் கைகழுவும் குழாயில் சோப்பு இருக்கிறதா என்று நீங்களே மதியம் ஒரு முறை போய்ப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் காலையில் வைத்த சோப்பு பதினொரு மணிக்கு இருக்காது. குடிதண்ணீர்ப் பேரலில் சங்கிலி கட்டிய ஒரே டம்ளரையும், ஒரே வாளித் தண்ணீரில் அலசும் டீ கிளாஸையும் இந்தக் காலத்துக்காவது எடுத்துவிடுங்கள்.

டீ நேரத்தையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நாள் முழுதும் மாஸ்க் போட்டவர்கள் பதினொரு மணிக்கு அதைக் கழற்றிவிட்டு வட்டமாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேசினால் மற்ற ஏழு மணி நேரமும் வீண். ஏ.சி. அறைக்காரர்களை இரண்டு குழுவாக்கி வராந்தாவிலோ வேப்பமரத்தடியிலோ டீ குடிக்க விடுங்கள். அவினாசி, கோபி, தாராபுரம் பக்கமிருந்து ஒரு மணி நேரம் ஆட்களை அடைத்து வரும் வேன்களும் ஏ.சி. அறையைப் போன்றவைதான், மழைத்தூறல் என்றாலும் இரண்டு பக்கமும் முன் ஜன்னலும் பின் ஜன்னலும் நான்கு விரல் திறந்திருக்கட்டும். ஹாஸ்டலில் காய்ச்சல்காரருக்குத் தனியறை ஒதுக்க முடியாவிட்டால், காய்ச்சல் வந்தவர்களை ஒரே அறையில் சேர்த்து, அதன் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இருபது பேர் விழுந்திருப்பதால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். சளி மாதிரி எடுத்துப் பார்க்க அவர்கள் ஏற்பாடு செய்ய முடியும். உடனடிச் சந்தேகங்களுக்கு 104 எண் இருக்கிறது. தடுப்பூசி போட்டால் பலன் தர இரண்டு வாரம் ஆகும், ஆகவே இந்த அலைக்கு அது பெரிதாக உதவாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியிலேயே போட ஏற்பாடு செய்யலாம்.

ஒரு நோட்டில் தேதி, பிரிவு, காய்ச்சல் தொடங்கிய நாள் என்று மூன்று பத்தி மட்டும் போட்டு எழுதி வாருங்கள். பெயர் சுவரில் ஒட்ட வேண்டாம். எட்டு நாட்கள் தொடர்ந்து புதிதாக யாருக்கும் காய்ச்சல் தொடங்கவில்லை என்றால் மாஸ்க்கைத் தளர்த்தலாம்; தொற்றிய பிறகு நோய் வெளிப்பட ஆகும் அதிகபட்ச நான்கு நாட்களின் இரட்டிப்பு அது. எக்ஸாஸ்ட் பேனையும் இரண்டு நாள் கூலியையும் மட்டும் அதன் பிறகும் எடுக்க வேண்டாம்.